வெட்கத்தால் வாங்கிய பணமும் மவ்லித் சோறும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



ரபீஉல் அவ்வல் மாதப் பிறை தென்பட்டுவிட்டால் மத்ரஸா வாசலில் என்னிடம் இரண்டு கேள்விகள் வரும். ஒன்று, "ஹஜ்ரத், எங்க வீட்டு மவ்லித் எந்த ராத்திரி?" மற்றொன்று, "ஹஜ்ரத், இதெல்லாம் கூடுமா?" முன்பெல்லாம் இந்த இரண்டையும் வெவ்வேறு வீட்டார் கேட்பார்கள். இப்போது ஒரே வீட்டிலிருந்து இரண்டும் வருகின்றன. உம்மா முதல் கேள்வியைக் கேட்டு அனுப்புகிறார்; வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் மகன் இரண்டாவது கேள்வியோடு வந்து நிற்கிறான். என் வீட்டிலும் நிலைமை இதுதான் என்பதை மறைப்பதற்கில்லை. என் தம்பி மவ்லித் மஜ்லிஸுக்கு வருவதில்லை. அந்தச் சோற்றையும் தொடுவதில்லை. உம்மாவுக்கு அதில் பெரும் வருத்தம்.

"கூடும்" என்றோ "கூடாது" என்றோ ஒரே சொல்லில் விடை சொல்லி அனுப்புவது எளிது. ஆனால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீடுகள் இரண்டாகின்றன. ஆலிம்கள் எந்த இடத்தில் ஒத்துப்போனார்கள், எந்த இடத்தில் பிரிந்தார்கள் என்று சற்று நின்று பார்த்தால் நம் ஊர்களில் நாம் சண்டையிடும் இடம் வேறு, அவர்கள் சண்டையிட்ட இடம் வேறு என்பது தெரியும்.

முதலில், நம் கடற்கரை ஊர்களில் நடப்பது என்ன என்பதை அறியாத இளம் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் முதல் இரவிலிருந்து பன்னிரண்டாம் இரவு வரை, பெரும்பாலும் மஃரிபுக்கோ இஷாவுக்கோ பிறகு, பள்ளியிலோ முறை எடுத்த வீட்டிலோ பாய் விரித்துக் கூடுவார்கள். சாம்பிராணி புகையும். நடுவில் ஆலிமும் நன்றாக ஓதத் தெரிந்த பெரியவர்களும் அமர்வார்கள். சுற்றிலும் ஓதும் பிள்ளைகள். ஃபாத்திஹாவும் ஸலவாத்தும் ஓதித் தொடங்கிய பின் ஸுப்ஹான மவ்லித் கிதாபு திறக்கப்படும். அது உரைநடையும் பாட்டும் மாறி மாறி வரும் அரபு நூல். உரைநடைப் பகுதியாகிய ஹிகாயத்தை ஒருவர் ஓத, மற்றவர்கள் கேட்டிருப்பார்கள். பைத்து வந்ததும் பிள்ளைகள் ஜவாபு பைத்தைச் சேர்ந்து எடுப்பார்கள். நபியவர்களின் பிறப்பைச் சொல்லும் கட்டத்தில் பல ஊர்களில் எல்லோரும் எழுந்து நின்று ஸலாம் பைத்து ஓதுவார்கள். பிறகு துஆ. துஆ முடிந்ததும் நார்சா. சில இரவுகளில் அது கைக்கு இரண்டு பேரீச்சம்பழமாகவோ சர்க்கரைப் பொட்டலமாகவோ இருக்கும். வசதியுள்ள வீட்டு முறையில் நெய்ச்சோறும் கறியுமாக ஸஹனில் வரும். வர இயலாத வீடுகளுக்குத் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்புவார்கள்.

இவ்வளவும் நபியவர்கள் (ஸல்) காலத்திலோ ஸஹாபாக்கள் காலத்திலோ இருந்ததா? இல்லை. இதில் கருத்து வேறுபாடே கிடையாது. மவ்லிதை ஆதரித்த பெரும் இமாம்களும் இதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுதான் பேசுகிறார்கள். எகிப்தில் ஃபாத்திமிய்யா ஆட்சியில் நபியவர்களின் பிறந்தநாள் அரண்மனைச் சடங்காக நடந்ததையும், அதிகாரிகளுக்கும் ஆலிம்களுக்கும் இனிப்புகள் வழங்கப்பட்டதையும் வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதியிருக்கிறார். ஆனால் பொதுமக்கள் திரளாகக் கூடும் சுன்னத் ஜமாஅத் மவ்லிது என்று பேசும்போது ஆலிம்கள் சுட்டும் ஊர் இர்பில். இன்றைய இராக்கின் வடபகுதியில் இருக்கும் நகரம் அது.

அவ்வூரின் ஆட்சியாளர் முளஃப்பருத்தீன் கூக்புரி, சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் சகோதரியை மணந்தவர், ஹிஜ்ரி 630இல் (கி.பி. 1233) வஃபாத்தானார். அதே ஊரில் பிறந்த வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான், அந்த மவ்லிதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஸஃபர் மாதத்திலேயே ஏற்பாடுகள் தொடங்கிவிடும். பல அடுக்குகள் கொண்ட மரக் கூடாரங்கள் எழுப்பப்படும். சுற்றுப்புற நாடுகளிலிருந்து ஆலிம்களும் சூஃபிகளும் கவிஞர்களும் வந்து சேருவார்கள். அவர் குறிப்பிடும் ஒரு சிறு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும்: நபியவர்கள் பிறந்தது பிறை 8இலா 12இலா என்பதில் கருத்து வேறுபாடு இருந்ததால், மன்னர் ஓராண்டு எட்டாம் பிறையிலும் மறு ஆண்டு பன்னிரண்டாம் பிறையிலும் மவ்லித் நடத்துவாராம். தேதியில் உறுதி இல்லை என்பதை அறிந்தே நடத்தியிருக்கிறார்கள்.

விருந்தைப் பற்றி ஸிப்த் இப்னுல் ஜவ்ஸி, நேரில் கலந்துகொண்ட ஒருவர் சொன்னதாகப் பதிவு செய்வது மலைக்க வைக்கிறது: 5,000 வாட்டிய ஆட்டுத் தலைகள், 10,000 கோழிகள், 30,000 தட்டு இனிப்புகள். எண்களைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் அது ஊர் முழுவதும் உண்ட விருந்துதான். அந்தப் பணம் யாருடையது என்று கேட்கத் தோன்றும். மன்னரோ தனக்கென்று மிக மலிவான முரட்டுத் துணியை உடுத்தியவர் என்றும், மனைவி அதைக் குறை சொன்னபோது விலை உயர்ந்ததை நான் உடுத்திக்கொண்டு ஏழையை விட்டுவிடுவதைவிட இது மேல் என்ற கருத்தில் பதில் சொன்னார் என்றும் நூல்கள் கூறுகின்றன. விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் இல்லங்கள் கட்டியவர் அவர். யார் பணம் என்ற இந்தக் கேள்வியை நினைவில் வையுங்கள். பின்னால் மீண்டும் வரும்.

இர்பிலைப் பார்த்த ஆலிம்கள் என்ன சொன்னார்கள்? இமாம் நவவியின் ஆசிரியர்களில் ஒருவரான அபூ ஷாமா (ரஹ்) பித்அத்துகளைக் கண்டிப்பதற்கென்றே ஒரு நூல் எழுதியவர். அந்த நூலிலேயே, தம் காலத்துப் புதுமைகளில் மிக நல்லதற்கு எடுத்துக்காட்டாக இர்பில் மவ்லிதைக் குறிப்பிடுகிறார். ஏழைகளுக்கு உதவுவதும் நபியவர்கள் மீதான அன்பும் அதில் வெளிப்படுகின்றன என்பது அவர் சொல்லும் காரணம். மறுபுறம் சில பத்தாண்டுகள் கழித்து, இஸ்கந்தரிய்யாவைச் சேர்ந்த மாலிக்கி ஆலிம் தாஜுத்தீன் ஃபாகிஹானீ (ரஹ்) மவ்லிதை மறுத்துச் சிறு நூல் ஒன்றை எழுதினார். அந்த நூலின் வாசகம் இன்று நம் கைக்குப் பரவலாகக் கிடைப்பதற்குக் காரணமே, அவரை மறுத்த இமாம் ஸுயூத்தி (ரஹ்) அதை முழுமையாகத் தம் நூலில் எடுத்தெழுதி, பிறகு பகுதி பகுதியாகப் பதில் சொன்னதுதான். மறுக்கப்போகும் மனிதரின் பேச்சை வெட்டாமல் முழுவதும் கேட்க வைத்துவிட்டுப் பதில் சொல்லும் பண்பு அது. இன்றைய முப்பது வினாடிக் காணொளிகளில் இதைத் தேடிப் பயனில்லை.

ஃபாகிஹானீயின் வாதம் ஓர் ஏணிபோல அமைந்தது. எந்தச் செயலும் ஷரீஅத்தில் ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்: கட்டாயம், விரும்பத்தக்கது, அனுமதிக்கப்பட்டது, வெறுக்கத்தக்கது, ஹராம். மவ்லித் கட்டாயம் அன்று. அதை யாருமே சொல்லவில்லை. விரும்பத்தக்கதும் ஆகாது, ஏனெனில் ஷரீஅத் எதைக் கேட்கிறதோ அதுதான் விரும்பத்தக்கது, ஸஹாபாக்களோ அவர்களுக்குப் பின் வந்தோரோ இதைச் செய்யவில்லை. மார்க்கத்தில் புதிதாக ஒன்றைப் புகுத்துவது அனுமதிக்கப்பட்டதும் அன்று. எஞ்சியவை வெறுக்கத்தக்கது, ஹராம் ஆகிய இரண்டே. இவ்வாறு சொல்லிவிட்டு அவர் மவ்லிதை இரண்டாகப் பிரிக்கிறார். ஒருவர் தம் சொந்தப் பணத்தில், தம் குடும்பத்தாரும் நண்பர்களும் கூடி உண்பதைத் தவிர வேறு பாவம் எதுவும் இல்லாமல் நடத்தினால், அது வெறுக்கத்தக்க பித்அத். அதில் பிறர் மனம் நோகப் பணம் வாங்குவது சேர்ந்தால், ஆடல் பாடலும் ஒழுங்கீனமும் சேர்ந்தால், அது ஹராம். பணத்தைப் பற்றிப் பேசும்போது, வெட்கப்பட வைத்து வாங்கும் பணம் வாளைக் காட்டி வாங்கும் பணத்தைப் போன்றதே என்ற ஆலிம்களின் கருத்தை அங்கே நினைவுபடுத்துகிறார். கொடுப்பவன் கொடுத்துவிடுகிறான்; ஆனால் அவன் மனம் அந்தப் பணத்தின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது.

ஸுயூத்தியின் பதில் முதல் பகுதியில்தான் மோதுகிறது. எனக்கு ஆதாரம் தெரியவில்லை என்பதால் ஆதாரமே இல்லை என்றாகாது என்கிறார். புதுமை என்றாலே வெறுக்கத்தக்கதாகவோ ஹராமாகவோதான் இருக்க வேண்டும் என்பதையும் ஏற்க மறுக்கிறார். புதுமையும் அந்த ஐந்து வகைகளில் எதுவாகவும் ஆகலாம் என்ற இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாமின் பிரிவினையை எடுத்துவைக்கிறார். ஆதாரத்துக்கு, தமக்கு முந்திய ஹாஃபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானீயின் (ரஹ்) ஃபத்வாவைக் கொண்டுவருகிறார். நபியவர்கள் மதீனாவுக்கு வந்தபோது யூதர்கள் ஆஷூரா நாளில் நோன்பு வைத்திருப்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள்; மூஸா நபியை அல்லாஹ் காப்பாற்றிய நாள் என்று அவர்கள் சொன்னார்கள்; நபியவர்களும் அந்நாளில் நோன்பு நோற்று, நோற்கும்படி ஏவினார்கள். ஆகவே ஓர் அருட்கொடை கிடைத்த நாள் ஆண்டுதோறும் திரும்பி வரும்போது நன்றி செலுத்துவதற்கு அடிப்படை உண்டு; நபியவர்களின் வருகையைவிடப் பெரிய அருட்கொடை எது என்பது இப்னு ஹஜரின் வாதம். அதே ஃபத்வாவில் அவர், மவ்லிது முதல் மூன்று தலைமுறைகளில் இல்லாத பித்அத் என்பதையும், அதில் நல்லவையும் கெட்டவையும் கலந்துள்ளன என்பதையும், நல்லதை மட்டும் எடுத்துக்கொள்பவருக்கே அது நல்ல பித்அத் என்பதையும் தெளிவாகச் சொல்கிறார்.

ஸுயூத்தி தாமாகச் சேர்க்கும் இன்னோர் ஆதாரம், நபித்துவத்துக்குப் பின் நபியவர்கள் தமக்காக அகீகா கொடுத்தார்கள் என்ற செய்தி. அதன் அறிவிப்பாளர் வரிசையை ஹதீஸ் கலை வல்லார் பலர் ஏற்கவில்லை. இமாம் நவவி (ரஹ்) அதை நிராகரித்தே எழுதியிருக்கிறார். என் சிற்றறிவுக்கு இப்னு ஹஜரின் ஆஷூரா ஆதாரமே வலுவாகப்படுகிறது.

மறுப்பவர்களின் மிக வலுவான பதிலையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் அல்லேன். ஆஷூரா நோன்பை நபியவர்களே ஏவினார்கள். தாம் பிறந்த நாளான திங்கள்கிழமை நோன்பையும் அவர்களே வழக்கமாக்கி, காரணத்தையும் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அறிவிக்கும் அந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நன்றி செலுத்தும் வழியை நபியவர்களே காட்டியிருக்க, வேறொரு வழி எதற்கு? இதைத்தான் இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) ஒரு விதியாக வைக்கிறார்: செய்வதற்கான தேவை அன்றும் இருந்தது, தடை எதுவும் இல்லை, அப்படியிருந்தும் முன்னோர் செய்யவில்லை. இதில் நன்மை இருந்திருந்தால், நபியவர்களை நம்மைவிட அதிகம் நேசித்த அவர்கள் முந்தியிருப்பார்கள். உமர் (ரலி) தராவீஹை ஒரே ஜமாஅத்தாக்கி அதை நல்ல பித்அத் என்றது இதிலிருந்து வேறுபட்டது. ஏனெனில் நபியவர்களே சில இரவுகள் அதை ஜமாஅத்தாகத் தொழவைத்து, கடமையாகிவிடுமோ என்ற அச்சத்தால் நிறுத்தினார்கள். அவர்களின் வஃபாத்துக்குப் பின் அந்த அச்சம் நீங்கிவிட்டது.

வேறுபாட்டின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நபியவர்களும் ஸஹாபாக்களும் ஒன்றைச் செய்யாமல் விட்டது, அதைச் செய்யக்கூடாது என்பதற்குச் சான்றாகுமா? ஆகும் என்பார் ஒருவர். விட்டது வேறு, விலக்கியது வேறு என்பார் மற்றவர். இரு தரப்பினரும் நபியவர்களை நேசிப்பவர்கள். இரு தரப்பினரும் பித்அத்துக்கு அஞ்சுபவர்கள். இதே இப்னு தைமிய்யா, அன்பாலும் கண்ணியத்தாலும் மவ்லித் நடத்துவோருக்கு அந்த அன்புக்கும் முயற்சிக்கும் அல்லாஹ் கூலி வழங்கக்கூடும், பித்அத்துக்காக அன்று, என்று எழுதியிருக்கிறார். நம் ஊரில் அவர் பெயரைச் சொல்லிப் பேசும் இளைஞர்கள் இந்த இடத்தை வாசித்ததாகத் தெரியவில்லை. மவ்லித் ஓதுவோர், ஃபாகிஹானீயின் பணத்தைப் பற்றிய பேச்சை வாசித்ததாகவும் தெரியவில்லை.

அந்த இரண்டாம் பகுதிக்கு ஸுயூத்தி சொன்ன பதில் என்ன? மறுக்கவில்லை. இது தன்னளவில் சரியான பேச்சே என்று ஏற்றுக்கொள்கிறார். ஆனால் ஹராம் என்ற தீர்ப்பு, வந்து சேர்ந்த கேடுகளுக்கு உரியது. கூடுதலுக்கு உரியது அன்று. ஜும்ஆவுக்காகக் கூடிய இடத்தில் இத்தகைய கேடுகள் நடந்தால் அவற்றைக் கண்டிப்போம், ஜும்ஆவையே தடுக்கமாட்டோம் என்கிறார். ஆக, மவ்லிது கூடுமா என்பதில் பிரிந்த இருவர், பிறரை வெட்கப்பட வைத்து வாங்கிய பணத்தில் மவ்லித் சோறு ஆக்குவது பாவம் என்பதில் ஒரே கருத்தில் நிற்கிறார்கள்.

சென்ற ரபீஉல் அவ்வலுக்குச் சில வாரங்கள் முன்பு, என்னிடம் ஓதும் ஒரு பிள்ளையின் வாப்பா இஷாவுக்குப் பின் வந்து உட்கார்ந்தார். தையற்கடையில் கூலிக்குத் தைப்பவர். அவர்கள் தெருவில் பத்தாம் இரவு அவருடைய வாப்பா காலத்திலிருந்து அவர்கள் வீட்டு முறை. நாற்பத்தைந்து வீடுகளுக்குச் சோறு போக வேண்டும். இருபது கிலோ சீரகச்சம்பா, இருபத்தைந்து கிலோ ஆட்டுக்கறி, நெய், விறகு, பண்டாரிக்குக் கூலி என்று எல்லாம் சேர்த்து 35,000 ரூபாயை நெருங்கும். அவருடைய மாத வருமானம் அதில் பாதிகூட இல்லை. முந்திய ஆண்டு மனைவியின் காதணியை அடகு வைத்துச் செய்திருக்கிறார். அது இன்னும் மீட்கப்படவில்லை.

"ஹஜ்ரத், இந்த வருசம் எங்க முறைய விட்டுட்டா ரசூலுல்லாவுக்குக் கோவம் வருமா?" என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது.

"யாரு அப்படிச் சொன்னா?" என்றேன்.

"யாரும் சொல்லல. ஆனா பள்ளில பேரு வாசிப்பாங்களே. பத்தாம் ராத்திரி யாரும் இல்லேன்னு வாசிச்சா நாளைக்கு எப்படித் தெருவுல நடக்கிறது?"

எங்கள் ஊரில் எந்த இரவு எந்த வீட்டார், பன்னிரண்டாம் இரவுப் பொதுச் சோற்றுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைப் பள்ளி ஒலிபெருக்கியில் வாசிப்பது வழக்கம். வாசிப்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கொடுத்தவருக்குத் துஆச் செய்வதற்காகத் தொடங்கியது அது. ஆனால் பெயர் வாசிக்கப்படாதவர் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது ஒலிபெருக்கிக்குத் தெரியாது. ஃபாகிஹானீ சொன்ன வெட்கம் இதுவேதான். அவர் எழுதியபோது ஒலிபெருக்கி இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

அவரிடம் நான் சொன்னது இதுதான்: மவ்லிதை ஆதரிக்கும் எந்த இமாமும் அதைக் கடமை என்று சொல்லவில்லை. கடன் வாங்கி ஸதகா கொடுக்கும்படி மார்க்கம் உங்களிடம் கேட்கவில்லை. ஸுயூத்தி சொல்லும் மவ்லிதின் அளவு என்னவென்றால், மக்கள் கூடி, இயன்ற அளவு குர்ஆன் ஓதி, நபியவர்களின் பிறப்புச் செய்திகளைக் கேட்டு, ஏதோ உணவு வைக்கப்பட்டால் உண்டு கலைவது. அந்த உணவு ஆட்டுக்கறியாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கிதாபிலும் இல்லை. பத்தாம் இரவு அவர் வீட்டில் ஓதினோம். பேரீச்சம்பழமும் ஏலக்காய் போட்ட பாலும் கொடுத்தார்கள். 1,800 ரூபாய்க்குள் முடிந்தது. சில பெரியவர்கள் முகம் சுளித்தார்கள் என்பதும் உண்மை. "அவுக வாப்பா காலத்துல இப்படியா இருந்துச்சு?" என்று ஒருவர் என் காதுபடவே கேட்டார்.

பிறகு ஜமாஅத் கூட்டத்தில் ஸுயூத்தியின் அந்த நூலை அரபியில் வாசித்துத் தமிழில் பொருள் சொன்னேன். மறுப்பவரின் பேச்சை மட்டும் வாசித்திருந்தால் எழுந்து போயிருப்பார்கள். ஆதரிப்பவரின் நூலிலிருந்தே வாசித்ததால் உட்கார்ந்து கேட்டார்கள். இரண்டு மாற்றங்களைக் கேட்டேன். தொகையோடு பெயர் வாசிப்பது நிற்க வேண்டும். பொதுச் சோற்றுக்கு வீடு வீடாகச் சென்று எழுதி வாங்குவதற்குப் பதில் பள்ளியில் மூடிய உண்டியல் வைக்க வேண்டும். "உண்டியல்ல யாரு போடுவா ஹஜ்ரத்? அப்புறம் பன்னெண்டாம் ராத்திரி வெறும் சர்க்கரைதான்" என்றார் செயலாளர். வெறும் சர்க்கரைதான் விழுமென்றால், இதுவரை விழுந்த மீதியெல்லாம் எதனால் விழுந்தது என்று யோசித்துப் பாருங்கள் என்றேன். உண்டியல் வைக்க இசைந்தார்கள். முறை எடுத்த வீட்டாரின் பெயரை வாசிப்பதை விடச் சம்மதிக்கவில்லை. தொகையை மட்டும் விட்டார்கள்.

ஓதப்படும் நூலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஸுப்ஹான மவ்லித் பைத்துகளில், பாவங்களை மன்னிப்பவர் என்று பொருள்பட நபியவர்களையே விளித்துப் பேசும் இடங்கள் உண்டு. மறுப்போர் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்து, இது அல்லாஹ்வுக்கு மட்டும் உரியதல்லவா என்று கேட்கிறார்கள். ஓதுவோர், நபியவர்களின் ஷஃபாஅத்தால் மன்னிப்புக் கிடைப்பதையே கவிஞர் அவ்வாறு சொன்னார் என்று விளக்குகிறார்கள். விளக்கம் தெரிந்த ஆலிமுக்கு அது போதும். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த விளக்கம் தானாக வராது. மவ்லித் கூடுமா என்ற கேள்வியும் இந்த வரியை எப்படிப் புரிந்துகொள்வது என்ற கேள்வியும் வேறு வேறு. இரண்டையும் சேர்த்துக் குழப்புவதால்தான் பேச்சு முடிவதே இல்லை. நான் என் பிள்ளைகளுக்கு, மன்னிப்பவன் அல்லாஹ் ஒருவனே என்பதைச் சொல்லிக்கொடுத்த பிறகே அந்தப் பைத்தின் பொருளைச் சொல்கிறேன். ஹிகாயத்திலும் மஜ்லிஸ் சொற்பொழிவுகளிலும் வரும் எல்லாச் செய்திகளும் ஒரே தரத்தவை அல்ல. எல்லாவற்றுக்கும் முன் நபியவர்களின் ஒளி படைக்கப்பட்டதாக ஜாபிர் (ரலி) பெயரால் பரவலாகச் சொல்லப்படும் செய்திக்கு நம்பத்தக்க அறிவிப்பாளர் வரிசை இல்லை என்று எழுதியவர் வேறு யாருமல்லர், மவ்லிதை ஆதரித்து நூல் எழுதிய அதே ஸுயூத்திதான். இரண்டும் அவருடைய ஃபத்வாத் தொகுப்பான அல்ஹாவியிலேயே இருக்கின்றன.

சோற்றுக்கு வருகிறேன். மவ்லித் சோறு ஹராம் என்று சொல்லும் இளைஞர்கள், அல்லாஹ் அல்லாதவருக்காகப் பெயர் கூறப்பட்டதைத் தடுக்கும் குர்ஆன் வசனத்தைக் காட்டுகிறார்கள். அந்த வசனம் அறுக்கும்போது யாருடைய பெயர் சொல்லப்பட்டது, யாரை நெருங்குவதற்காக அறுக்கப்பட்டது என்பதைப் பற்றியது. ஆகவே அதற்கான சோதனை எளிது: ஆட்டை அறுத்தவர் யார், பிஸ்மில்லாஹ் சொன்னாரா, அந்த அறுப்பு அல்லாஹ்வுக்காகவா? எங்கள் ஊரில் மோதினார் அறுக்கிறார்; பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் அறுக்கிறார்; நன்மையை நபியவர்களின் பெயரால் சேர்க்கிறோம், அறுப்பதை அல்லாஹ்வுக்காகவே அறுக்கிறோம். யாராவது நபியவர்களுக்காகவே அறுக்கிறேன் என்ற எண்ணத்தில் அறுத்தால் அது வேறு விஷயம். அந்த இடத்தில் எச்சரிக்க வேண்டியது நம் கடமை. மவ்லிதையே பித்அத் என்று கருதுபவர், அதை ஊக்குவிப்பதாகிவிடும் என்று எண்ணி உண்ணாமல் இருப்பது அவருடைய பேணுதல். அதை நான் மதிக்கிறேன். ஆனால் பேணுதலுக்காக விடுவதும், பிறர் தட்டில் இருப்பதை ஹராம் என்று அறிவிப்பதும் ஒன்றல்ல.

என் தம்பி பேணுதல்காரன். முன்பு தூக்குச்சட்டி போனால் திரும்பி வரும். உம்மா அன்று முழுவதும் பேசமாட்டார். சென்ற ஆண்டு நானும் தம்பியும் உட்கார்ந்து இந்த நூல்களைத்தான் பேசினோம். அவன் இப்னு தைமிய்யாவின் பக்கத்தில் நிற்கிறான். நான் இப்னு ஹஜரின் பக்கத்தில். இருவரும் நகரவில்லை. அவன் திங்கள்கிழமை நோன்பு வைப்பவன் என்பது அன்றைக்குத்தான் உம்மாவுக்குத் தெரியவந்தது.

"ஏண்டா, நீ நோம்பு வைக்கிறது ரசூலுல்லா பொறந்த நாளுக்காகவா?" என்று கேட்டார்.

"அவுக வைக்கச் சொன்னதுக்காக உம்மா" என்றான்.

உம்மா சற்று நேரம் யோசித்தார். அந்த மாதத்துத் திங்கள்கிழமைகளில் உம்மாவே நோன்புக் கஞ்சி காய்ச்சி அவன் வீட்டுக்கு அனுப்பினார். பன்னிரண்டாம் இரவுச் சோற்றை அனுப்பவில்லை. அவன் பிள்ளைகள் வாசலுக்கு வந்து கேட்டபோது மட்டும், "உங்க வாப்பாகிட்ட கேட்டுட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். பிள்ளைகள் கேட்டுவிட்டு வந்தார்கள். தம்பி வேண்டாம் என்று சொல்லவில்லையாம், ஒன்றும் சொல்லவில்லையாம். உம்மா ஒரு கணம் தயங்கி, ஸஹனில் அவர்களுக்கும் இடம் விட்டார்.

உண்டியலைப் பன்னிரண்டாம் இரவுக்கு முந்திய நாள் ஜமாஅத்தார் முன்னிலையில் திறந்தோம். முந்திய ஆண்டு வீடு வீடாக எழுதி வாங்கியதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருந்தது. ஆட்டுக்கறியைக் குறைத்து, தாளிச்சாவைக் கூட்டினோம். இந்த ஆண்டும் உண்டியல்தான் என்று முடிவாகியிருக்கிறது. பத்தாம் இரவுக்கு அந்தத் தையற்காரர் மீண்டும் பேரீச்சம்பழம் என்றே பெயர் கொடுத்திருக்கிறார். மூன்றாம் இரவுக்காரரும் வந்து, தமக்கும் அப்படியே எழுதிக்கொள்ளும்படி மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.